கல்லாப் பணமும் வங்கிக் கணக்கும்: எது தடை, எது வெறும் தகவல்?

"சார், சேவிங்ஸ்ல பத்து லட்சத்துக்கு மேல போட்டா இன்கம் டாக்ஸ்காரன் வந்துருவானாமே?"

மளிகைக் கடை, ஹார்டுவேர் கடை, பாத்திரக் கடை என்று எங்கே கணக்கு எழுதப் போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கூடவே ஊர் சொல்லும் யோசனைகளும் வரும். "ஐம்பதாயிரத்துக்குக் கீழே கீழேயா போடுங்க, யாருக்கும் தெரியாது." "ரெண்டு லட்சம் வரைக்கும் ரொக்கமா வாங்கினா பிரச்சினையே இல்லை." "பத்து லட்சம் தாண்டினா அதுக்கு மேல உள்ளதுக்கு வரி." இவற்றில் ஒன்று பாதி உண்மை, மற்ற இரண்டும் தப்பு.

குழப்பத்துக்குக் காரணம் ஒன்றுதான். வேறு வேறு வேலை செய்கிற இரண்டு விதமான வரம்புகளை ஒரே பானையில் போட்டுக் கலக்கிவிடுகிறோம்.

ஒரு வார்த்தை முன்கூட்டியே. இங்கே வரும் தொகைகளும் விகிதங்களும் 1961 வருமான வரிச் சட்டப்படி, 2024-25 நிதியாண்டுக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. அதனால் எண்களைச் சொல்லிக் குழப்பாமல் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். தொகைகள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியவை. உங்கள் வருஷத்துக்கு எது என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

## காவலாளியின் நோட்டும் 'நுழையக் கூடாது' பலகையும்

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகிறீர்கள். வாசலில் காவலாளி உங்கள் பெயர், போன் நம்பர், யார் வீட்டுக்கு என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார். நீங்கள் தப்பு செய்துவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை. நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தால் அந்த நோட்டைப் புரட்டுவார்கள், அவ்வளவுதான்.

அதே வளாகத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் 'உள்ளே நுழையக் கூடாது' என்று ஒரு பலகை இருக்கிறது. அதைத் தாண்டினால் நல்ல எண்ணத்தோடு தாண்டினேன் என்பதெல்லாம் எடுபடாது. தாண்டியதே தப்பு.

வங்கியில் ரொக்கம் போடுவதற்குச் சொல்லப்படும் வரம்புகள் காவலாளியின் நோட்டு. வியாபாரத்தில் ரொக்கம் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் உள்ள வரம்புகள் பலகை. முதலில் நோட்டைப் பார்ப்போம்.

## வங்கி எதை, எப்போது எழுதிக்கொள்கிறது?

ஒரு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, உங்கள் சேமிப்புக் கணக்கில் மொத்தம் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் போட்டிருந்தால் வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நடப்புக் கணக்கு, நாம் கரண்ட் அக்கவுன்ட் என்கிறோமே, அதற்கு இந்த வரம்பு 50 லட்சம். அதில் போடுவது மட்டுமல்ல, ரொக்கமாக எடுப்பது 50 லட்சத்தைத் தொட்டாலும் தெரிவிப்பார்கள்.

வருஷம் முடிந்த பிறகு மே 31க்குள் வங்கி அனுப்பும் இந்தப் பட்டியலுக்கு நிதிப் பரிவர்த்தனை அறிக்கை என்று பெயர். ஆடிட்டர் அலுவலகத்தில் எஸ்.எஃப்.டி. என்பார்கள். அது உங்கள் பான் எண்ணோடு சேர்ந்து ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏ.ஐ.எஸ். என்பது உங்களைப் பற்றி மற்றவர்கள் துறைக்குச் சொன்னதில் பெரும்பகுதி இருக்கும் ஒரு பட்டியல். வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணைக் கொண்டு நுழைந்தால் நீங்களே பார்க்கலாம். துறை பார்க்கும் அதே தகவல்தான். தேர்வுக்கு முன்பே கேள்வித்தாளைக் கையில் கொடுத்த மாதிரி. ஆனால் என்னிடம் வரும் கடைக்காரர்களில் அதைத் திறந்து பார்த்துவிட்டு வந்தவர்கள் ரொம்பக் குறைவு.

10 லட்சம் என்பது வரிக் கோடு கிடையாது. பதினோரு லட்சம் போட்டால் அந்தக் கூடுதல் ஒரு லட்சத்துக்கு வரி என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. ஒன்பது லட்சம் போட்டவரிடம் கேள்வியே கேட்கக் கூடாது என்றும் இல்லை. வரி வருமானத்துக்குத்தான். கணக்கில் போட்ட பணம் வருமானமா, விற்பனைத் தொகையா, வேறு ஏதாவதா என்பதுதான் கேள்வி.

## அப்படியானால் ஐம்பதாயிரம்?

ஒரே நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் போட்டால் பான் எண் குறிப்பிட வேண்டும். அந்த விதி சொல்வது இவ்வளவுதான். உங்கள் கணக்கோடு பான் ஏற்கெனவே இணைந்திருந்தால் 49,000 போட்டாலும் 51,000 போட்டாலும் வங்கிக்குப் புதிதாகத் தெரிய ஒன்றுமில்லை. 49,000 வீதம் இருபத்தொரு தடவை போட்டால் 10 லட்சத்து 29 ஆயிரம். வருஷக் கூட்டலில் அது வந்தே தீரும்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சந்தேகம் தரும் பரிவர்த்தனை என்று வங்கி நினைத்தால், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், டெல்லியில் உள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்ததை உங்களிடம் சொல்லவும் கூடாது. கடை விற்பனை என்றால் ஒரு நாள் 23,000, ஒரு நாள் 31,500 என்று ஏறி இறங்கி வரும். 49,000, 49,000, 49,500 என்று வரிசையாக வந்தால் அது விற்பனை மாதிரி இருக்காது, ஒளிக்கப் பார்ப்பது மாதிரிதான் இருக்கும். நேர்மையான பணத்துக்குத் திருட்டு முகமூடி போட்டுவிடும் யோசனை இது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: 50,000 பான் எண்ணுக்காக. 10 லட்சமும் 50 லட்சமும் வங்கி தகவல் சொல்வதற்காக. மூன்றும் நோட்டுதான், தாண்டுவது குற்றமில்லை.

## பலகைகள் மூன்று

இப்போது தாண்டவே கூடாதவை.

முதலாவது, 2 லட்சம். ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 'அல்லது அதற்கு மேல்' என்பதைக் கவனியுங்கள். சரியாக 2 லட்சம் வாங்கினாலும் தப்புதான். ஒரே பரிவர்த்தனைக்காகவும் அவ்வளவு ரொக்கம் வாங்கக் கூடாது, ஒரே ஆளிடமிருந்து ஒரே நிகழ்ச்சிக்காகவும் வாங்கக் கூடாது.

இந்தக் கடைசி இரண்டில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். ஒரு கல்யாணத்துக்கு மொத்த மளிகையும் உங்கள் கடையில் எடுக்கிறார்கள், பில் 2,40,000. பெண்ணின் அப்பா திங்கள் 80,000, வியாழன் 80,000, கல்யாணம் முடிந்து 80,000 என்று ரொக்கமாகக் கொடுக்கிறார். ஒரு நாள் கணக்கில் பார்த்தால் 2 லட்சம் தொடவில்லை. ஆனால் எல்லாம் ஒரே கல்யாணத்துக்கு. மூன்று பில்லாகப் பிரித்துப் போட்டாலும் கல்யாணம் ஒன்றுதான். இதற்கு அபராதம் வாங்கிய தொகை முழுவதும், அதாவது 2,40,000. கட்ட வேண்டியவர் கொடுத்தவர் அல்ல, வாங்கிய நீங்கள். பில் போட்டு, கணக்கில் காட்டி, வரி கட்டியிருந்தாலும் இந்த அபராதம் தனி. இவ்வளவுக்கும் வழி சுலபம்: பெரும்பகுதியை யு.பி.ஐ.யிலோ, கிராஸ் செய்த அக்கவுன்ட் பேயீ காசோலையிலோ வாங்கிக்கொள்ளலாம். சும்மா பெயர் எழுதிய பேரர் காசோலை செல்லாது.

இரண்டாவது, 20,000. கடனாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. கைமாற்றும் கடன்தான். மைத்துனர் கொடுத்தாலும் கடன்தான். இதற்கும் அபராதம் கடன் தொகை அளவுக்குப் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது, 10,000. ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்துச் சரக்கு வாங்கினால், அந்தத் தொகையைச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. லாரி வாடகைக்கு மட்டும் 35,000 வரை விடுகிறார்கள். அபராதம் இல்லை, ஆனால் செலவு இல்லை என்றால் லாபம் கூடும், வரி கூடும். விளைவித்த விவசாயியிடம் நேரடியாக வாழைத்தாரோ வெங்காயமோ வாங்கினால் இந்த விதி பாதிக்காது. நடுவில் உள்ள வியாபாரியிடம் வாங்கினால் பாதிக்கும். விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று எளிய முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்குச் செலவைத் தனித்தனியாகக் கழிக்கிற வேலையே இல்லை என்பதால், இது அவர்களைக் கடிக்காது.

## ஓர் அண்ணாச்சி கடைக் கணக்கு

இப்போது ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் என் கணக்கில் அடிக்கடி வரும் அளவுக்கு நெருக்கமானவை.

சிற்றூரில் மளிகைக் கடை. 2024-25இல் விற்பனை 38 லட்சம். அதில் யு.பி.ஐ.யில் வந்தது 14 லட்சம், ரொக்கம் 24 லட்சம். ரொக்கத்தில் சில்லறைச் சரக்கு, கூலி, கடை வாடகை, வீட்டுச் செலவு என்று 7.5 லட்சம் போயிற்று. மிச்சம் 16.5 லட்சத்தை அண்ணாச்சி வாராவாரம் தன் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, மொத்த வியாபாரிகளுக்கு அதிலிருந்து அனுப்பினார். செலவெல்லாம் போக நிஜமாகக் கையில் நின்ற லாபம் 3,60,000. "நமக்கு எங்கே வரி வரப் போகுது" என்று வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யவில்லை.

2025 மே மாதம் வங்கி 16.5 லட்சத்தைத் தெரிவித்துவிட்டது. நவம்பரில் அவர் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி: பெரிய ரொக்கப் பரிவர்த்தனை நடந்திருக்கிறது, கணக்குத் தாக்கல் ஆகவில்லை, பாருங்கள் என்று.

துறையின் கணினிக்கு அண்ணாச்சியைத் தெரியாது. கல்லா, தராசு, கடன் நோட்டு எதையும் அது பார்த்ததில்லை. ஒரு பக்கம் 16.5 லட்சம் ரொக்கம், இன்னொரு பக்கம் வருமானம் என்ற இடத்தில் வெற்றிடம். இரண்டும் பொருந்தவில்லை, ஆகவே கேள்வி. கேள்வி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் தொகையின் அளவு அல்ல, இந்தப் பொருந்தாமைதான்.

சரி, அவர் தாக்கல் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிறு வியாபாரிகளுக்கு உத்தேச லாப முறை என்று ஒன்று உண்டு. பேரேடு, ஆடிட் எதுவும் இல்லாமல், ரொக்க விற்பனையில் குறைந்தது 8 சதவீதம், வங்கி வழி வந்த விற்பனையில் குறைந்தது 6 சதவீதம் லாபம் என்று காட்டலாம். இவருக்கு 24 லட்சத்தில் 1,92,000, 14 லட்சத்தில் 84,000, சேர்த்து 2,76,000. அது குறைந்தபட்சம். நிஜ லாபம் 3,60,000 என்பதால் அதைத்தான் காட்ட வேண்டும். புதிய வரி முறையில் அந்த வருஷம் 7 லட்சம் வரை வருமானத்துக்குத் தள்ளுபடி இருந்ததால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஆனால் 3 லட்சத்தைத் தாண்டியதால் தாக்கல் செய்தே ஆக வேண்டும். 'வரி இல்லை' என்பதும் 'தாக்கல் வேண்டாம்' என்பதும் ஒன்றல்ல. அண்ணாச்சி வழுக்கியது இங்கேதான்.

நவம்பரில் வந்த செய்தியைப் பார்த்ததும் டிசம்பர் 31க்குள் தாமதத் தாக்கல் செய்தால் 1,000 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு விஷயம் பெரும்பாலும் முடிந்துவிடும். விற்பனை 38 லட்சம் என்று அதில் இருக்கும். 16.5 லட்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே முதல் பதில்.

பதிலே சொல்லாமல் விட்டால்? அடுத்து முறையான நோட்டீஸ் வரும். அதற்கும் பதில் இல்லை, அல்லது சொன்ன பதில் நிற்கவில்லை என்றால், அந்தப் பணத்தை விளக்கப்படாத பணம் என்று அதிகாரி முடிவு செய்யலாம். அதாவது உங்களிடம் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று உங்களால் காட்ட முடியவில்லை. அதற்கு வரி 60 சதவீதம், அதன் மேல் 25 சதவீதம் கூடுதல் வரி, இரண்டுக்கும் சேர்த்து 4 சதவீதம் செஸ். எல்லாம் கூட்டினால் 78 சதவீதம். 16.5 லட்சத்துக்கு 12,87,000 ரூபாய். செலவு கழிக்கவும் முடியாது, 7 லட்சத் தள்ளுபடியும் கிடையாது. கடை விற்பனைதான் என்று மேல்முறையீட்டில் நிரூபித்துத் தப்பியவர்கள் உண்டு. ஆனால் அதற்குள் வருஷங்களும் வக்கீல் செலவும் போய்விடும்.

சுருக்கமாக: ஒரே கடை, ஒரே பணம். ஒரு பக்கம் பூஜ்யம், இன்னொரு பக்கம் பன்னிரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். நடுவில் இருப்பது விளக்கம் மட்டும்தான்.

## கல்லா மைனஸில் போகாது

அந்த விளக்கம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? இதைத்தான் நான் ரொம்ப நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பேன்.

அதிகாரி செய்யும் சோதனை எளிமையானது. போட்ட தேதியில் அவ்வளவு பணம் உங்கள் கல்லாவில் இருந்திருக்க முடியுமா? ஒரு வாரத்தைப் பாருங்கள். திங்கள் காலை கல்லாவில் 8,000. வெள்ளி மாலை வரை ரொக்க விற்பனை 34,000. ஆக 42,000. காய்கறி மண்டி, பால், கூலி என்று ரொக்கமாகக் கொடுத்தது 11,000. மிச்சம் 31,000. வெள்ளிக்கிழமை வங்கியில் 25,000 போட்டால் கல்லாவில் 6,000 நிற்கும். அழகாகப் பொருந்துகிறது.

அதே வெள்ளிக்கிழமை 1,20,000 போட்டதாக பாஸ்புக் சொன்னால்? 31,000இலிருந்து 1,20,000ஐக் கழித்தால் கல்லாவில் மைனஸ் 89,000. மரப்பெட்டியில் மைனஸ் பணம் இருக்க முடியாதே. அப்படியானால் 89,000 கடை விற்பனை அல்ல, வேறு எங்கிருந்தோ வந்தது. அதிகாரியின் பேனா அங்கேதான் நிற்கும்.

நிஜத்தில் அந்த 89,000 தப்பான பணமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மாதம் முன்பு அதே கணக்கிலிருந்து வீட்டு வேலைக்கென்று எடுத்து, வேலை தள்ளிப்போனதால் திருப்பிப் போட்டிருப்பார். வங்கியின் கூட்டலில் அதுவும் புதுப் பணமாகத்தான் விழும். ஆனால் எடுத்த தேதி பாஸ்புக்கிலேயே இருப்பதால் காட்டிவிடலாம். தீபாவளிக்கு முந்தின வாரம் என்றால் விற்பனையே நாலு மடங்கு இருந்திருக்கும், பில் புத்தகம் சொல்லிவிடும். கஷ்டம் எப்போது என்றால், எந்தப் பணம் என்று அவருக்கே மறந்துபோன பிறகு.

இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். நாற்பது ரூபாய் நீள நோட்டு போதும். தினமும் கடை சாத்தும்போது நாலு எண்கள்: காலையில் கல்லா, இன்றைய ரொக்க விற்பனை, ரொக்கமாகக் கொடுத்தது, வங்கியில் போட்டது. அப்புறம் மிச்சம். அந்த மிச்சமும் பெட்டியில் எண்ணும் பணமும் ஒன்றாக இருக்க வேண்டும். வங்கிச் சலானின் அடிக்கட்டையில் 'ஜூன் 2 முதல் 6 வரை விற்பனை' என்று ஒரு வரி எழுதிவையுங்கள். வெளியிலிருந்து பணம் வந்து சேர்ந்தால் யாரிடமிருந்து, எதற்காக என்று அன்றைக்கே எழுதுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு ஒரே பேனாவில், ஒரே உட்காரலில் எழுதிய வருஷக் கணக்கு எப்படி இருக்கும் என்று அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரியும்.

## வாய்க்கு வந்த பதில்

நோட்டீஸைப் பார்த்ததும் பதறிப்போய் பலர் சொல்லும் பதில்: "மச்சான் மூணு லட்சம் கைமாத்தா கொடுத்தாரு, அதைத்தான் போட்டேன்." பொய்யோ நிஜமோ, ரொக்கமாகக் கொடுத்தார் என்று எழுதிக் கொடுத்த நிமிஷம் 20,000 ரூபாய்ப் பலகையைத் தாண்டியதை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். விளக்கப்படாத பணம் என்ற கேள்வியிலிருந்து தப்பப் போய், மூன்று லட்சம் அபராதத்தில் நிற்பீர்கள். பதில் எழுதும்போது எந்தப் பலகையில் கால் வைக்கிறோம் என்று பார்த்து எழுத வேண்டும். இதற்காகவாவது முதல் பதிலை ஆடிட்டரை வைத்து எழுதுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. வந்தது உண்மையான நோட்டீஸா என்று பாருங்கள். துறையின் நோட்டீஸ்களில் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்கும். வருமான வரி இணையதளத்தின் முகப்பிலேயே `Authenticate Notice/Order Issued by ITD` என்று ஓர் இணைப்பு உண்டு. அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று சொல்லிவிடும். வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். அனுப்பி, "இந்த லிங்க்கில் கட்டினால் முடித்துவிடலாம்" என்பவர் துறையைச் சேர்ந்தவர் அல்ல.

நோட்டீஸ் உண்மை என்றால், பதில் சொல்ல வேண்டிய தேதி அதிலேயே இருக்கும். இணையதளத்தில் உங்கள் கணக்கின் `e-Proceedings` பகுதியில்தான் பதிலைப் பதிவேற்ற வேண்டும். கொடுக்க வேண்டியவை அதிகமில்லை: வங்கி ஸ்டேட்மென்ட், விற்பனைச் சுருக்கம், அந்த நீள நோட்டின் பக்கங்கள், தாக்கல் செய்த கணக்கின் நகல். தொகையே தப்பாக விழுந்திருந்தால், உதாரணமாக ஒரே டெபாசிட் இரண்டு முறை வந்திருந்தால், ஏ.ஐ.எஸ்.இல் அந்த வரிக்கு எதிரே மறுப்புப் பதிவு செய்யலாம்.

கடைசியாக, கடைப் பணத்துக்குச் சேமிப்புக் கணக்கு எதற்கு என்று அண்ணாச்சியிடம் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கரண்ட் அக்கவுன்ட்ல வட்டி கிடையாதே" என்பார். நியாயம்தான். ஆனால் 16.5 லட்சத்தில் பெரும்பகுதி நாலைந்து நாளில் மொத்த வியாபாரிக்குப் போய்விடுகிறது, அதற்கு என்ன வட்டி வந்துவிடும்? நடப்புக் கணக்கில் போட்டால் பணம் வியாபாரத்துடையது என்பது கணக்கின் பெயரிலேயே தெரியும், வீட்டுச் செலவும் கடைச் சரக்கும் ஒரே பாஸ்புக்கில் பின்னிக் கிடக்காது. இந்த வருஷம் மார்ச் முடிவதற்குள் மாற்றிக்கொண்டால் ஏப்ரல் முதல் தேதி புது நோட்டு, புது பாஸ்புக் இரண்டும் ஒன்றாகவே தொடங்கும்.